அடிமை, சார்பு, தாங்குதிறன்: மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்

"அந்த மாத்திரைக்கு அவர் அடிமையாகிவிட்டார்." இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால், அவர் மூன்று வெவ்வேறு விஷயங்களில் எதைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் சொல்பவருக்கும் தெரியாது. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறதா, நிறுத்தினால் உடம்பு படுத்துகிறதா, அல்லது வாழ்க்கையே அந்த மாத்திரையைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டதா? ஆங்கிலத்தில் இவற்றுக்கு டாலரன்ஸ், டிபெண்டன்ஸ், அடிக்‌ஷன் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நாமோ மூன்றுக்கும் அடிமை என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம்.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்கலாம். அடி என்றால் பாதம், அதோடு பண்பைக் குறிக்கும் 'மை' சேர்ந்து அடிமை. இன்னொருவர் காலடியில் இருக்கும் நிலை. பக்தி மரபில் இது வெட்கப்படும் சொல்லே அல்ல, அடியார் என்பது பெருமைதான். வேடிக்கை என்னவென்றால் அடிக்‌ஷனின் வேரும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் இருக்கிறது. பழைய ரோமானியச் சட்டத்தில், கடனைக் கட்ட முடியாதவனை நடுவர் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு லத்தீனில் அடிக்டஸ் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒன்றுக்குத் தன்னை முழுதாக ஒப்புக்கொடுப்பது என்ற பொருளில், படிப்புக்கும் பக்திக்கும்கூட இந்தச் சொல் புழங்கியது. போதைப்பொருளோடு அது இறுக ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான்.

ஆக, அடிக்‌ஷனுக்கு அடிமையாதல் என்ற பெயர்ப்பில் தவறில்லை. மற்ற இரண்டுக்கும் அதையே ஒட்டுவதுதான் தவறு.

எங்கே தவறுகிறது என்பது ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் புரியும். தீக்காயத்தோடு மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலிக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை, ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். முதல் வாரம் நன்றாகக் கேட்கிறது. மூன்றாவது வாரம் அதே அளவு போதவில்லை, மருத்துவர் ஒவ்வொரு வேளையும் 15 ஆக்குகிறார், நாளுக்கு 90. தினமும் மார்ஃபின் வந்து மோதுவதால் அதை ஏற்கும் நரம்பணுக்கள் தங்கள் எதிர்வினையைக் குறைத்துக்கொண்டுவிட்டன. இதுதான் டாலரன்ஸ். சுமத்தல், பொறுத்தல் என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதைச் சகிப்புத்தன்மை என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், அது மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்பவருக்கான சொல். மருந்துத் தாங்குதிறன் என்பது சரி. பேச்சில் 'உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு' என்கிறோமே, அது இன்னும் துல்லியம்.

ஆனால் அளவைக் கூட்ட வேண்டிவந்தாலே தாங்குதிறன் என்று முடிவு கட்டவும் கூடாது. காயத்தில் கிருமி சேர்ந்து வலியே கூடியிருக்கலாம், அதை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, தாங்குதிறன் எல்லா விளைவுக்கும் சமமாக வருவதில்லை. மார்ஃபினால் வரும் மந்தமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் ஏறக்குறைய பழகவே பழகாது. அதனால்தான் அந்த மாத்திரையோடு மலமிளக்கியும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். நிறையக் குடித்தும் தடுமாறாமல் நடக்கிறவர் அதைப் பெருமையாகச் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்: மூளை பழகியிருக்கிறது, கல்லீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, நம் ஆள் வீட்டுக்கு வருகிறார். காயம் ஆறிவிட்டது, வலி இல்லை, இனி எதற்கு என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அன்று இரவே ஓயாமல் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர். மறுநாள் உடம்பெல்லாம் வலி, தோலில் மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் பத்து நாளில் தணியும். வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய்ச் சொல்வது என்ன? "ஐயோ, இவர் அடிமையாகிட்டாரே!"

இல்லை. இது டிபெண்டன்ஸ். லத்தீனில் ஒன்றிலிருந்து தொங்குவது என்று பொருள், நமக்குச் சாய்தலைக் குறிக்கும் சார் என்ற வேர் இருக்கிறது, உடல்சார்பு என்றால் போதும். மார்ஃபின் அழுத்திக்கொண்டே இருந்ததால் மூளையின் விழிப்பு மையங்கள் அதை ஈடுகட்டத் தங்கள் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தன. அழுத்திய கை திடீரென்று எடுபட்டதும் அந்த வேகம் அப்படியே வெளியே வருகிறது. மலச்சிக்கலுக்குப் பதில் வயிற்றுப்போக்கு, மயக்கத்துக்குப் பதில் தூக்கமின்மை என்று, மருந்தை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகள் மருந்தின் விளைவுக்கு நேர் எதிராக இருப்பது அதனால்தான். இதற்குப் போதையே தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் குபீரென்று ஏறும். அதை யாரும் ஆசைப்பட்டுத் தேடி அலைவதில்லை. கர்ப்பத்தில் தாய் மார்ஃபின் போன்ற மருந்து எடுத்திருந்தால் பிறந்த குழந்தைக்குக்கூட விலகல் அறிகுறி வரலாம், அந்தக் குழந்தையை அடிமை என்று சொல்வது அபத்தம்.

நம் ஆள் மருத்துவரிடம் போகிறார், மறுபடி மாத்திரையைத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து நிறுத்துகிறார். அப்புறம் அதன் நினைப்பே அவருக்கு வரவில்லை. தாங்குதிறனும் இருந்தது, சார்பும் இருந்தது, அடிமையாதல் இல்லை. (மதுவையும், டயஸெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளையும் நீண்ட நாள் எடுத்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.)

அவர் அடிமையாகியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். வலி போன பிறகும் மாத்திரைக்காக மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்ப்பது, குறைக்க நினைத்தும் முடியாமல் போவது, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்வது. அடையாளம் கெடுதல் தெரிந்தும் விட முடியாமையில் இருக்கிறது, உடம்பின் நடுக்கத்தில் இல்லை. கொக்கெய்னை நிறுத்தினால் சோர்வும் மனச்சோர்வும் வரும், மார்ஃபின் போல உடம்பைப் புரட்டிப்போடாது, இருந்தும் அது மனிதரைக் கடுமையாக அடிமைப்படுத்தும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, அடிக்‌ஷன் என்ற சொல் ஆளை இழிவுபடுத்துகிறது என்று அதைத் தவிர்த்து டிபெண்டன்ஸ் என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தது. நல்லெண்ணம்தான். விளைவு, வலிக்கு ஒழுங்காக மருந்து சாப்பிட்டு உடல்சார்பு வந்தவரும் நோயாளிப் பட்டியலில் விழும் குழப்பம். 2013 பதிப்பில் அதை நீக்கிப் பொருள் பயன்பாட்டுக் கோளாறு என்று மாற்றினார்கள். அதில் உள்ள 11 அறிகுறிகளில் தாங்குதிறனும் விலகலும் இரண்டு, ஆனால் மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

தமிழில் நான் எழுதினால், நிலையை அடிமையாதல் என்பேன், ஆளை அடிமை என்று எழுத மாட்டேன்.

இந்த மூன்றும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. மருந்தை விட்டபின் உடல்சார்பு சில வாரங்களில் போய்விடும், தாங்குதிறனும் அதே போலச் சீக்கிரம் இறங்கிவிடும், அடிமையாதலின் இழுப்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்கலாம். ஹெராயினை விட்டுச் சிறையிலோ சிகிச்சை மையத்திலோ சில வாரங்கள் இருந்துவிட்டு வெளியே வருபவருக்கு இழுப்பு அப்படியே இருக்கும், உடம்போ புது ஆளுடையது. பழைய அளவையே எடுக்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது.