கெழு 1.79 என்றால் பாஸ் ஆவது எத்தனை மடங்கு கூடும்?

ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கிறது. கட்டாயமில்லை, விரும்பியவர்கள் உட்காரலாம். பொதுத்தேர்வு முடிந்ததும் 100 மாணவர்களின் முடிவை வைத்து, பாஸா ஃபெயிலா என்பதில் ஒவ்வொரு காரணியின் பங்கையும் கெழு என்ற எண்ணாகத் தரும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போடுகிறோம். சிறப்பு வகுப்புக்கு நேரே 1.79 என்று ஒரு கெழு வருகிறது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு 1.79 மதிப்பெண் கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. 1.79 சதவீதமும் இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு சுலபமாக வரட்டும் என்று எண்களை நானே அமைத்திருக்கிறேன், இவை எந்தப் பள்ளியின் உண்மை முடிவும் அல்ல.

| | பாஸ் | ஃபெயில் | மொத்தம் |
|---|---|---|---|
| வகுப்புக்கு வராதவர்கள் | 24 | 16 | 40 |
| வகுப்புக்கு வந்தவர்கள் | 54 | 6 | 60 |

வராதவர்களில் 60 சதவீதம் பேர் பாஸ், வந்தவர்களில் 90 சதவீதம். நாம் வழக்கமாகப் பார்க்கிற நிகழ்தகவு இதுதான். லாஜிஸ்டிக் ரெக்ரஷன் பேசுவது ஆட்ஸ் கணக்கில். ஒரு ஃபெயிலுக்கு எத்தனை பாஸ் என்பதே ஆட்ஸ். வராதவர்களுக்கு 24-ஐ 16-ஆல் வகுத்தால் 1.5. வந்தவர்களுக்கு 54-ஐ 6-ஆல் வகுத்தால் 9. ஒன்பதை ஒன்றரையால் வகுத்தால் 6. இந்த ஆறுதான் ஆட்ஸ் விகிதம். ஆறின் இயல் மடக்கை 1.79. கணினி தந்த கெழு அதுவேதான்.

R மொழியில் போட்டுச் சரிபார்க்கலாம்:

```
d <- data.frame(special = c(0, 1),
                pass = c(24, 54), fail = c(16, 6))
m <- glm(cbind(pass, fail) ~ special,
         family = binomial, data = d)
coef(m)
# (Intercept)     special
#   0.4054651   1.7917595
exp(coef(m))
# (Intercept)     special
#         1.5         6.0
```

`(Intercept)` என்ற 0.405, வகுப்புக்கு வராதவர்களுடைய ஆட்ஸான 1.5-இன் மடக்கை. இரண்டையும் மடக்கையின் எதிர்ச்செயலான `exp` போட்டுத் திருப்பினால் அட்டவணையில் பார்த்த 1.5-உம் 6-உம் அப்படியே வந்துவிடுகின்றன.

நேராக நிகழ்தகவிலேயே கணக்கை வைத்துக்கொண்டால் என்ன? 60 சதவீதத்தோடு 30 கூட்டினால் 90 வரும், அதுவரை சரி. ஏற்கெனவே 80 சதவீதத்தில் இருக்கும் மாணவருக்கு அதே 30-ஐக் கூட்டினால் 110 ஆகிவிடும், அப்படி ஒரு நிகழ்தகவே கிடையாது. ஆட்ஸுக்கு மேல்வரம்பு இல்லை, எந்த மிகை எண்ணால் பெருக்கினாலும் முறியாது. பெருக்கல் மடக்கையில் கூட்டலாகிவிடும். அதனால்தான் இந்தக் கணித மாதிரி எல்லாக் காரணிகளின் விளைவையும் மடக்கையில் கூட்டிக்கொண்டே போகிறது, நாம் கடைசியில் `exp` போட்டுப் படிக்கிறோம்.

தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில். ஆறு என்ற எண்ணைப் பார்த்ததும் 'சிறப்பு வகுப்புக்கு வந்தால் பாஸ் ஆகும் வாய்ப்பு ஆறு மடங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையைத் திரும்பிப் பாருங்கள். 60 சதவீதம் 90 ஆனது, அதாவது ஒன்றரை மடங்கு. ஆறு மடங்கானது ஆட்ஸ். 60 சதவீதத்தின் ஆறு மடங்கு 360 சதவீதம் என்று ஒரு நொடி யோசித்தாலே அந்த வாக்கியம் நிற்காது.

ஆறு மடங்கு ஆட்ஸ் என்பது நிகழ்தகவில் எவ்வளவு என்பது புறப்படும் இடத்தைப் பொறுத்தது. 20 சதவீத வாய்ப்புள்ள மாணவரின் ஆட்ஸ் 0.25. ஆறால் பெருக்கினால் 1.5, அதாவது 60 சதவீதம், பெரிய ஏற்றம். 95 சதவீத வாய்ப்புள்ளவரின் ஆட்ஸ் 19. அது 114 ஆகும், நிகழ்தகவோ 99-ஐக் கொஞ்சம் தாண்டுவதோடு சரி. நூற்றில் ஒருவர் மட்டும் தேறும் போட்டித் தேர்வு என்றால் 1 சதவீதம் 5.7 ஆகும், அங்கே மட்டும் 'ஏறக்குறைய ஆறு மடங்கு வாய்ப்பு' என்று சொன்னால் பெரிய தவறில்லை. பாஸ் ஆவது சாதாரணமாக நடக்கிற பள்ளித் தேர்வில் அப்படிச் சொல்லவே கூடாது.

சரி, ஆறு மடங்கு ஆட்ஸ் என்று சரியாகவே எழுதிவிட்டோம். அது முழுக்கச் சிறப்பு வகுப்பின் பலனா? விரும்பியவர்கள் வந்த வகுப்பு அது. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம் வந்திருப்பார்களோ என்ற சந்தேகம் எந்த ஆசிரியருக்கும் வரும். அரையாண்டுத் தேர்வில் 50-க்கு மேல் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று அதே 100 பேரைப் பிரித்துப் பார்ப்போம்.

| அரையாண்டு | வகுப்பு | பாஸ் | ஃபெயில் | ஆட்ஸ் |
|---|---|---|---|---|
| 50-க்கு மேல் | வரவில்லை | 10 | 2 | 5 |
| 50-க்கு மேல் | வந்தார் | 45 | 3 | 15 |
| 50 அல்லது கீழ் | வரவில்லை | 14 | 14 | 1 |
| 50 அல்லது கீழ் | வந்தார் | 9 | 3 | 3 |

மேல் பிரிவில் ஆட்ஸ் 5-இலிருந்து 15 ஆகிறது, கீழ்ப் பிரிவில் 1-இலிருந்து 3 ஆகிறது. இரண்டிலும் மூன்று மடங்குதான். முன்னால் பார்த்த ஆறு மடங்கின் ஒரு பகுதி அரையாண்டு மதிப்பெண்ணால் வந்தது. வகுப்புக்கு வந்த 60 பேரில் 48 பேர் மேல் பிரிவு, வராத 40 பேரில் 12 பேர் மட்டுமே மேல் பிரிவு. நன்றாகப் படிப்பவர்கள் ஒரு பக்கம் குவிந்துவிட்டார்கள்.

இரண்டு காரணிகளையும் மாதிரியில் சேர்த்தால் சிறப்பு வகுப்பின் கெழு 1.79-இலிருந்து 1.10-ஆக இறங்கும். மூன்றின் மடக்கை அது. அரையாண்டுக்கு 1.61 வரும், ஐந்தின் மடக்கை. `(Intercept)` பூஜ்யம் ஆகிவிடும், ஏனென்றால் இரண்டும் இல்லாத பிரிவில் 14-க்கு 14, ஆட்ஸ் 1. இரண்டும் உள்ள மாணவருக்கு 1.10-உம் 1.61-உம் சேர்ந்து 2.71, திருப்பினால் 15. அட்டவணையிலும் அதே 15. ஆக, 1.10 என்ற கெழுவைப் படிக்கும்போது 'அரையாண்டு மதிப்பெண் ஒரே பிரிவில் இருக்கும் இருவரை ஒப்பிட்டால்' என்ற நிபந்தனை கூடவே வருகிறது. அதை விட்டுவிட்டுப் படித்தால் எண்ணின் பொருளே மாறிவிடும். வீட்டில் படிக்க இடம், டியூஷன் போல நாம் கேட்காத காரணிகள் இன்னும் அந்த மூன்றுக்குள் ஒளிந்திருக்கலாம் என்பதும் உண்மை.

இனி, அந்த மூன்று எவ்வளவு உறுதியானது என்று பார்க்கவேண்டும். அதற்கு முன், ஆறு வந்த முதல் அட்டவணையில், கெழு எவ்வளவு ஊசலாடக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழையைக் கையால் போடலாம். நான்கு கட்டங்களின் தலைகீழ்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். 1/24, 1/16, 1/54, 1/6 கூட்டினால் 0.289, மூலம் 0.54. அந்த 0.289-இல் பாதிக்கு மேல் 1/6 ஒன்றிலிருந்தே வருகிறது. மாணவர்கள் நூறு பேர் இருந்தாலும், வகுப்புக்கு வந்தும் ஃபெயிலான ஆறு பேர்தான் கணக்கின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறார்கள். கெழுவுக்கு இரு பக்கமும் 1.96 திட்டப் பிழை வைத்துத் திருப்பினால் ஆட்ஸ் விகிதத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.1-இலிருந்து 17.2 வரை விரிகிறது.

இரண்டாவது அட்டவணையில் ஃபெயில் கட்டங்கள் 2, 3, 3 என்று இன்னும் மெலிந்துவிட்டன. திட்டப் பிழை 0.60 ஆகிறது, இடைவெளி 0.92-இலிருந்து 9.8 வரை போகிறது. ஆட்ஸ் விகிதம் 1 என்றால் வகுப்பால் வித்தியாசமே இல்லை, அந்த ஒன்று இப்போது இடைவெளிக்குள் வந்துவிட்டது. ஒரு கட்டம் சுத்தமாகப் பூஜ்யமானால், அதாவது வகுப்புக்கு வந்த ஒருவர்கூட ஃபெயிலாகவில்லை என்றால், ஆட்ஸ் முடிவிலிக்குப் போய்விடும். மென்பொருள் இருபதை ஒட்டி ஒரு கெழுவையும் அதன் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு திட்டப் பிழையையும் அச்சிட்டால், முதலில் அட்டவணையில் காலியான கட்டத்தைத் தேடுங்கள்.

நம் 100 பேரை வைத்துப் பள்ளிக்கு இப்படி எழுதிக் கொடுக்கலாம்: அரையாண்டு மதிப்பெண் ஒரே பிரிவில் உள்ளவர்களை ஒப்பிட்டால், சிறப்பு வகுப்புக்கு வந்தவர்களின் பாஸ் ஆட்ஸ் சுமார் மூன்று மடங்கு. நிகழ்தகவில் அது கீழ்ப் பிரிவில் 50 சதவீதத்திலிருந்து 75-க்கும், மேல் பிரிவில் 83-இலிருந்து 94-க்கும் உயர்வது. ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து, வித்தியாசமே இல்லை என்ற சாத்தியத்தை இன்னும் விலக்க முடியவில்லை.