சாட்சியை நழுவ விடாத கேள்வி

சட்டக் கல்லூரிகளில் நடக்கும் மாதிரி விசாரணைகளில் குறுக்கு விசாரணைக்கு எழும் மாணவர்கள் பலர் முதலில் குரலை உயர்த்துகிறார்கள். சினிமா செய்த வேலை. எதிரே சாட்சியாக நடிப்பவர் அசராமல் இரண்டு நிமிடம் விளக்கம் கொடுத்துவிட்டு, தன் கட்சிக்கு வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிடுகிறார். அவரை விளக்கம் சொல்ல விட்டது வழக்கறிஞர் கேட்ட கேள்விதான்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். இரவு 8.40 மணிக்கு பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணின் சங்கிலி பறிக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம் டீக்கடை. கடைக்காரர்தான் அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி. தன் தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையில், "தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன்" என்கிறார். மறுநாள் போலீஸ் பதிவு செய்த வாக்குமூலத்திலோ இப்படி இருக்கிறது: "கடைக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒருவன் பைக்கில் ஏறிப் போவதைப் பார்த்தேன். ஸ்டாப்பில் தெருவிளக்கு எரியவில்லை."

இப்போது எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞர் எழுகிறார். "அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் போச்சு. சாட்சி கடை பல்பு, பஸ் ஹெட்லைட், நிலா என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அதையே "ஸ்டாப்பில் இருந்த தெருவிளக்கு எரியவில்லை, சரிதானே?" என்று கேட்டால், பதிலுக்கு இடம் மிகக் குறைவு. இதுதான் வழிகாட்டும் கேள்வி. பதில் கேள்விக்குள்ளேயே இருக்கும். சாட்சி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லை மறுக்க வேண்டும். தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களின் சாட்சியப் பதிவுகளைப் படித்தவர்களுக்கு "என்றால் சரிதான்", "என்றால் சரியல்ல" என்று வரிசையாக முடியும் வாக்கியங்கள் பழக்கமானவை. அந்த வால்களுக்கு முன்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் வழக்கறிஞரின் சொற்கள்.

அதனால்தான் சட்டம் இதை ஒரு பக்கம் தடுத்து மறுபக்கம் அனுமதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 146வது பிரிவுப்படி, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் முதல் விசாரணையிலும், குறுக்கு விசாரணைக்குப் பின் அதே தரப்பு செய்யும் மறுவிசாரணையிலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் இப்படிக் கேட்கக்கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். கேள்வியின் சொற்கள் பதிலை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை அமெரிக்காவில் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் சோதித்துக் காட்டினார்கள். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றார்கள், இன்னொரு குழுவிடம் "இடித்தபோது" என்றார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். இரண்டாவதில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

மாதிரி விசாரணையில் ஒரு வித்தியாசம் உண்டு. டீக்கடைக்காரராக நடிக்கும் மாணவருக்கு அந்த இரவைப் பற்றி எந்த நினைவும் கிடையாது. கொடுத்த காகிதத்தைப் படித்து வந்திருக்கிறார், அவ்வளவுதான். சொல்லை மாற்றி அவரை மயக்க முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தைக் கொண்டு கட்டிப்போடலாம். ஆகவே ஒரு கேள்வியில் ஒரே ஒரு விஷயம், அந்த விஷயத்துக்கு வாக்குமூலத்தில் ஒரு வரி. தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கு எதிரேயும் ஓரத்தில் பக்கமும் வரியும் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்க வரி கிடைக்காத கேள்வியை அடித்துவிடுவது நல்லது.

சாட்சி நழுவும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, அடைமொழி. "நல்ல இருட்டாக இருந்தது, இல்லையா?" என்றால், "எனக்கு அப்படித் தெரியவில்லை சார்" என்பார். நல்ல இருட்டு என்பது அபிப்பிராயம். தெருவிளக்கு எரியவில்லை என்பது தகவல். "இருட்டு" என்ற முடிவை நீதிபதி எடுக்கட்டும், அல்லது அதை வாதுரைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுவது. "கடைக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருந்ததால் பறித்ததைப் பார்க்கவில்லை, சரிதானே?" என்றால் தனக்கு வசதியான பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுவார். பிரித்துக் கேட்டால்:

"கடைக்குள் இருந்தீர்கள்?"
"ஆமாம்."
"அடுப்பில் பால் இருந்தது?"
"ஆமாம்."
"சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினீர்கள்?"
"திரும்பினேன். ஆனால் சார், எங்கள் ஏரியாவில் அடிக்கடி இப்படி நடக்கும், அதனால் நான் எப்போதும் கவனமாக..."

இங்கேதான் பலர் "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்!" என்று கத்துகிறார்கள். சாட்சி பாவமாகிவிடுவார், நடுவரின் அனுதாபம் அவர் பக்கம் போய்விடும். மூச்சு விடும் வரை காத்திருந்து, அதே கேள்வியை அதே சொற்களில், அதே குரலில் மறுபடி கேட்பதே போதும்: "சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினீர்கள்?" பேசியதெல்லாம் பதிலில்லை என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும். மூன்றாவது முறையும் சுற்றினால், கேள்வியைத் திருப்பிப் போடலாம்: "சத்தம் கேட்பதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்களா?" ஆம் என்றால் வாக்குமூலம் அவரை மாட்டிவிடும், இல்லை என்றால் நமக்கு வேண்டிய பதில். நீதிபதியிடம் முறையிடுவது இதற்கெல்லாம் பிறகுதான். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் குறுக்கு விசாரணையின்போது சாட்சிக்கும் தனி மதிப்பெண் உண்டு. வீணாக நழுவினால் அவருக்கே நஷ்டம்.

அப்புறம், தெருவிளக்கு. முதலில் இன்றைய சாட்சியத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்: வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அடுத்து, போலீஸ் மறுநாளே விசாரித்தது, நடந்ததை அப்போது சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்த வரியை அப்படியே படித்துக் காட்டி, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்க வேண்டும். அதே சட்டத்தின் 148வது பிரிவு கேட்பது இதைத்தான்: முரண்படும் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே அதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியும். அமெரிக்கக் காணொலிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று ஆரம்பிப்பார்கள். அங்கே சாட்சிகள் பிரமாண வாக்குமூலத்தோடு வருவதால் அது சரி. நம் நாட்டில் போலீஸ் விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பது சட்டம். இல்லாத கையெழுத்தைக் காட்டச் சொன்னால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

"சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டால் முரண்பாடு அங்கேயே நிரூபணமாகிவிட்டது; உட்கார்ந்துவிடலாம். உட்காராமல், "விளக்கே இல்லாதபோது ஆளை எப்படி அடையாளம் சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்களே அதிகம். "தினமும் என் கடையில் டீ குடிக்கிறவன் சார், நடையைப் பார்த்தாலே தெரியும்." அதுவரை சேர்த்தது அத்தனையும் காலி.

"அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால், சண்டை போட வேண்டியதில்லை. வேலை பாதி முடிந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் குறித்து வைத்துக்கொண்டு, புலனாய்வு அதிகாரி கூண்டுக்கு வரும்போது அவரிடம் கேட்க வேண்டும்: இரண்டாம் சாட்சி உங்களிடம் தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னார், சரிதானே? மாதிரி விசாரணைகளில் இந்த ஒரு கேள்வி அடிக்கடி விட்டுப்போகிறது, ஏனென்றால் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்பவர் அணியில் வேறொருவர். டீக்கடைக்காரரை விசாரித்தவர் அந்த வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த அணித்தோழரின் மேஜைக்குத் தள்ளிவிட்டால், விட்டுப்போகாது.