தாயம் விழாதவர் எத்தனை நேரம் காத்திருப்பார்?

தேவகோட்டையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்க ஆச்சிக்கும் அயித்தானுக்கும் அடுத்த மாதம் அறுபதாம் ஆண்டு சாந்தி. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், அயித்தானின் தம்பி, அவர் மனைவி என்று நான்கு பெரியவர்கள். விளக்கு வைத்த பிறகு வளவில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டார்கள். நால்வரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டு வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். தாயம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் தாயம் விழாதவர் காயை இறக்க முடியாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாரே? இதற்கு அறிவியலில் ஏதும் வழி உண்டா?"

உண்டு. மற்ற விளையாட்டுகளை முதலில் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பல்லாங்குழியும் சதுரங்கமும் இரண்டு பேருக்கானவை, மற்ற இருவர் வேடிக்கை பார்க்க வேண்டும். கேரம் நால்வருக்கு ஆகும், ஆனால் பலகை மேல் குனிந்து குனிந்து அறுபது வயது முதுகு வலிக்கும். சீட்டு நல்லதுதான், ஆனால் சில வீடுகளில் பெரியவர்கள் அதைத் தொட மாட்டார்கள். தாயமோ தரையில் ஒரு கட்டம், நான்கு பக்கம் நான்கு பேர். நடுவில் பேச்சுக்கும் இடம் இருக்கிறது. ஆகவே தாயமே வாங்குங்கள். அந்தக் காத்திருப்பை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, நான்காவது வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நான்கு நான்காகப் பதினாறு வகையில் விழலாம். ஒன்று வெறுமை, இன்னொன்று ஒரு புள்ளி என்று விழுந்தால் தாயம். அது இரண்டு வகையில் நடக்கும்: வலக்கட்டை வெறுமையாகலாம், அல்லது இடக்கட்டை. அதனால் பதினாறில் இரண்டு. இதேபோல ஐந்துக்கு இரண்டு வகை, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுந்து வரும் பன்னிரண்டுக்கு ஒன்று. மீதிப் பத்து வகையும் இரண்டு, மூன்று, நான்கு என்ற சாதாரண எண்களுக்குப் போய்விடுகின்றன.

இதை வைத்துப் பலரும் "எட்டில் ஒரு முறை தாயம்" என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு உருட்டலுக்கு அது சரி. ஆனால் ஆடுகிறவருக்கு முக்கியம் தன் முறை, உருட்டல் இல்லை. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? அந்த விதிதான் எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம்.

காய் இன்னும் இறங்காத ஒருவர் உருட்டுகிறார் என்று வையுங்கள். ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. காய் வெளியே இருப்பதால் அந்த எண் வீண், ஆனால் கட்டை கையிலேயே இருக்கிறது. உருட்டுவதற்கு முன் இருந்த அதே நிலைக்கே திரும்பிவிட்டார். அப்படியானால் அந்த நான்கு வகையையும் கணக்கிலிருந்து அடியோடு அழித்துவிடலாம். பதினாறில் நான்கு போனால் பன்னிரண்டு. அதில் இரண்டு தாயம், பத்து 'கட்டையைக் கொடு'. ஆக ஒரு முறையில் தாயம் விழும் வாய்ப்பு பன்னிரண்டில் இரண்டு, அதாவது ஆறில் ஒன்று. நான்கு பக்கக் கட்டை இரண்டை வைத்து ஆடினாலும், ஆறு பக்கப் பகடை ஒன்றை உருட்டி ஒன்று விழக் காத்திருப்பதும் இதுவும் கணக்கில் ஒன்றேதான். கட்டையில் ஆறு பக்கம் எங்கேயும் இல்லை, மறு உருட்டல் விதியிலிருந்து அது முளைத்து வருகிறது. இதை முதலில் போட்டுப் பார்த்தபோது பேப்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

சராசரியாக ஆறாவது முறையில் தாயம் என்றால் பொறுக்கலாம் போலத் தோன்றும். சராசரி நம்மை ஏமாற்றும் இடம் இது. ஒருவர் பத்து முறை தொடர்ந்து தாயமில்லாமல் இருக்கும் வாய்ப்பு, ஆறில் ஐந்தைப் பத்துத் தரம் பெருக்கினால் வருவது: சுமார் 16 சதவீதம். ஆளுக்கு 16 தான். ஆனால் ஆடுகிறவர்கள் நான்கு பேர். நால்வரில் ஒருவராவது பத்து முறைக்குப் பிறகும் வெளியே உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு முறைக்கு அரை நிமிடம் என்றால் நால்வரும் பத்துச் சுற்று முடிக்க இருபது நிமிடம். இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் யாரோ ஒருவர் இருபது நிமிடம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது வாசகருடைய ஆச்சியின் ராசிக் குறை இல்லை, ஆட்டத்தின் இயல்பு.

இங்கேதான் 'கைராசி' வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்து முறை விழாதவரைப் பார்த்து "இனி விழுந்தே தீரும்" என்பார் ஒருவர், "இன்று உனக்கு நேரம் சரியில்லை" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே பிழை. பித்தளைக்கு ஞாபகம் கிடையாது. பதினொன்றாம் முறையிலும் அதே ஆறில் ஒன்று. வீட்டில் தாயம் உருட்டினால் தரித்திரம் என்கிறவர்களே வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அதே கட்டையை எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பணம் வைத்து ஆடினால் வீடு கெடும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

வழிக்கு வருவோம். சில வீடுகளில் தாயத்துக்கு மட்டுமின்றி ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். மேலே செய்த அதே அழிப்பு வித்தையை இதற்கும் செய்யலாம். இப்போது ஆறும் பன்னிரண்டும் மட்டுமே அழியும். மிஞ்சுவது பதினான்கு, அதில் இறங்க உதவுவது நான்கு. ஏழில் இரண்டு. பத்து முறைக்குப் பிறகும் ஒருவர் வெளியே இருக்கும் வாய்ப்பு 16 இலிருந்து மூன்றரைச் சதவீதமாகக் குறைகிறது. நால்வரில் ஒருவராவது என்று பார்த்தால் 50 இலிருந்து சுமார் 13.

அப்படியானால் எல்லா ஆட்டத்துக்கும் இந்த விதியை வைத்துவிடலாமா? கட்டத்தைப் பொறுத்தது. மறு உருட்டல்களையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல் கிடைக்கிறது. ஒரு உருட்டலின் சராசரி 3.75. பெருக்கினால் ஒரு முறைக்குச் சரியாக ஆறு கட்டம். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு காய் சுற்றிச் சுற்றி நடுவீட்டுக்குப் போய்ப் பழமாக 24 அடி. நான்கு காய்க்கு 96. ஆறால் வகுத்தால் 16 முறை. ஆனால் ஒவ்வொரு காயும் இறங்க ஒரு தாயம் வேண்டும் என்ற விதியில், நான்கு தாயம் சேரச் சராசரியாக 20 முறை ஆகும்; தாயம் விழுந்தாலும் மறு உருட்டல் உண்டு என்பதால் நாலாறு 24 ஆவதில்லை. நடக்கிற தூரத்தைவிடத் தாயத்துக்கான காத்திருப்பு நீளம். காய் ஓட ஆள் தயார், இறக்கத்தான் வழியில்லை. ஐந்துக்கும் இறக்கலாம் என்றால் அந்த 20 பாதியாகிப் பத்தாகிறது, ஆட்டம் ஓட்டத்தின் கைக்கு வருகிறது.

ஏழுக்கு ஏழு கட்டத்தில் நிலைமை தலைகீழ். ஒரு காய்க்கு 48 அடி, ஆறு காய் வைத்தால் 288 அடி, அதற்கே 48 முறை வேண்டும். ஆறு தாயத்துக்கு 30 முறை போதும். அங்கே ஐந்தைச் சேர்க்கத் தேவையே இல்லை, பழைய விதி அழகாக நடக்கும். ஆனால் நால்வரும் 48 முறை ஆட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வெட்டுப்பட்ட காய் திரும்ப முதலிலிருந்து வருவதைச் சேர்க்காத கணக்கு. சாப்பாட்டுக்கு முந்தைய நேரம் என்றால் சிறிய கட்டமும் ஐந்து விதியும். பேரன் பேத்திகள் வந்திருக்கும் நாட்களுக்குப் பெரிய கட்டம். பரிசாகக் கொடுக்கும் துணியின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றைத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.

துணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடித் தரை வழுவழுப்பானது. உராய்வு குறைந்த தரையில் கட்டை உருளாமல் சறுக்கும். சறுக்கினால் கையில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதுவே மேலே நிற்கும். பழகிய கைக்கு இது போதும், 'வித்தை' என்பதில் பாதி இதுதான். துணியோ ஜமக்காளமோ பிடித்து இழுப்பதால் கட்டை புரண்டே ஆக வேண்டும். எட்டு மில்லிமீட்டர் அகலக் கட்டை ஒரு சாண் தூரம் உருண்டால் சுமார் 28 தரம் பக்கம் மாறும். கை வேகத்தில் இரண்டு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ உருளும் தூரம் சுமார் நாலு சதவீதம் மாறி அடுத்த பக்கம் வந்துவிடும். அந்த நுட்பம் மனிதக் கையில் இல்லை. உருட்டினால் ஒரு சாணாவது உருள வேண்டும், இல்லாவிட்டால் மறு உருட்டல் என்று வைத்துக்கொண்டால் கைராசிப் பேச்சு அடங்கும். தரையிலும் கீறல் விழாது, அது ஆச்சிக்கு இன்னும் முக்கியமாக இருக்கலாம்.

இதே சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் தந்தத்தில் செய்த பகடையும் கிடைத்திருக்கிறது. அதை அளந்து, அதே அச்சில் நகல் செய்து, ஆயிரம் தரம் உருட்டி எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது என்று பார்க்க ஒரு கல்லூரி மாணவியின் சில மாத உதவித்தொகை போதும். அகழாய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்கும் ஒரு பங்கு வைக்கலாம் என்பது என் ஆசை.

கடைசியாக, கட்டை வாங்கும்போது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அழகான பழைய ஜோடிகள் கிடைக்கும். அழகு வேறு, நேர்மை வேறு. கட்டையின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருந்தால் அகலமான இரண்டு பக்கங்களே அதிகம் விழும். கடையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கட்டையையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி சேர்த்து வையுங்கள். மேலே விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது. தட்டினால் அடுத்த ஜோடியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒவ்வொரு கட்டையையும் 80 தரம் உருட்டிக் குறியுங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 ஐ ஒட்டி விழ வேண்டும். பன்னிரண்டு, இருபத்தெட்டு எல்லாம் தற்செயலாகவே வரும், பதற வேண்டாம். ஏதாவது ஒரு பக்கம் பத்துக்குக் கீழே போனாலோ முப்பதைத் தாண்டினாலோ அந்த ஜோடியைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, ஆட வேறு வாங்குங்கள்.