384 எங்கிருந்து வந்தது?

வைவாவில் "பெரிய திருத்தம்" வாங்கிய ஆய்வேடு ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது மூன்றாம் அத்தியாயத்தைத்தான். புள்ளிவிவர ஆலோசனைக்காக வெள்ளவத்தையில் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேதான் இருக்கும். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓர் ஆசிரியை, கல்வியியல் முதுமாணி செய்பவர். கொழும்பு வலயத்துத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களின் பணி அழுத்தம் பற்றியது அவருடைய ஆய்வு. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.)

எளிய எழுமாற்று மாதிரி என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்கு வரைவிலக்கணம் எழுதியிருந்தார். கீழே ஒரே வரி: "இம்முறையில் 384 ஆசிரியர்கள் தெரிவுசெய்யப்பட்டனர்." உண்மையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கூகிள் போம் ஒன்றின் லிங்கை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாராம். 384 பதில் சேர்ந்ததும் போமை மூடிவிட்டாராம்.

"எல்லாரும் 384 தானே மிஸ் போடுறாங்க?"

போடுகிறார்கள்தான். ஒரு பெரிய கூட்டத்தில் எத்தனை வீதம் பேர் இப்படி என்று மதிப்பிட வேண்டும், 95 வீத நம்பிக்கை வேண்டும், பிழை இரு பக்கமும் 5 வீதத்துக்குள் நிற்க வேண்டும், உண்மையான வீதம் தெரியாததால் மிக மோசமான நிலையாக 50 என்று வைத்துக்கொள்கிறோம். அப்போது வரும் எண் 384. கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையின் கடைசி வரியில், பத்து இலட்சம் பேருக்கு எதிரே, அது இருக்கிறது. அதே அட்டவணையில் 600 பேருக்கு 234, 650 பேருக்கு 242 என்றும் போட்டிருக்கிறது. இவருடைய குடித்தொகை 620. கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறார்.

தேவைக்கு மேல் எடுத்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எண்ணிக்கையில் நட்டமில்லை. ஆனால் பரீட்சகர் பிடித்தது வேறொன்றை. அந்த 620 பேரில் 1AB பாடசாலைகளில் 310, 1C பாடசாலைகளில் 190, வகை 2 பாடசாலைகளில் 120 பேர். இவருடைய 384 பதில்களில் 301 பேர் 1AB என்று குறித்திருந்தார்கள். 310 பேரில் 301 பேர் ஒரு போமை நிரப்பினார்களா? வட்டாரக் கூட்டத்துக்கே அத்தனை பேர் வருவதில்லை. லிங்க் குழு தாண்டி, வலயம் தாண்டிப் போயிருக்கிறது. எந்த வலயம் என்ற கேள்வி போமில் இல்லாததால், வெளியார் யார் என்று பிரிக்கவும் வழியில்லை. வகை 2இல் இருந்து வந்தவை வெறும் 9.

எழுமாற்று என்று எழுத வேண்டுமானால் முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு இவ்வளவு என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு பூச்சியம். கைக்கு எட்டியவர்களை மட்டும் எடுக்கும் இந்த முறைக்குப் பெயர் வசதி மாதிரி. அப்படிப் பெயரிட்டு, யார் விடுபட்டிருப்பார்கள் என்று எழுதி, முடிவுகளைப் பதிலளித்தவர்களோடு நிறுத்திக்கொண்டால் பரீட்சகர்கள் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆனால் வெளியாரைப் பிரிக்க முடியாத இந்தத் தரவுக்கு அந்தப் பெயர்கூடப் போதாது. நல்லகாலம், இவருக்குக் கால நீடிப்புக் கிடைத்தது.

இரண்டாம் தடவை அனுமதிக் கடிதத்தோடு போய்ப் பாடசாலைவாரியான ஆசிரியர் பட்டியலை எடுத்தார். 384ஐ 620 பேருக்கு ஏற்பக் குறைக்கும் கணக்கு இப்படி:

n = 384 / (1 + 383/620) ≈ 237.4

மேல்நோக்கி முழுமையாக்கினால் 238. பாடசாலை வகைகளை ஒப்பிடுவது அவருடைய ஆய்வு வினாக்களில் ஒன்று. அதனால் ஒவ்வொரு வகையிலிருந்தும் தனித்தனியாக எழுமாற்றாக எடுக்கும் படையாக்கப்பட்ட எழுமாற்று மாதிரி பொருந்தும், அதை நியாயப்படுத்த அந்த ஒரு வசனமே போதும். விகிதப்படி பிரித்தால் 119, 73, 46. ஐந்தில் ஒருவர் திருப்பித் தரமாட்டார் என்று வைத்து 238ஐ 0.8ஆல் வகுத்தோம்: 298. அதை 149, 91, 58 என்று பிரித்தோம். எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `=RAND()` போட்டு, எண்களை மதிப்பாக ஒட்டி நிலைப்படுத்திய பிறகு வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படையிலும் மேலிருந்து வேண்டிய அளவு எடுத்தார். நிலைப்படுத்தாவிட்டால் எக்செல் ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்றிவிடும். பட்டியலைக் காட்டு என்றால் காட்ட முடியாது.

திரும்பி வந்தவை 251: 127, 77, 47. அவற்றை அத்தியாயத்தில் அப்படியே போடச் சொன்னேன். மேலதிகமாகக் கொடுத்த தாள்கள் எண்ணிக்கையைக் காப்பாற்றும், தராமல் விட்டவர்கள் வேறுமாதிரியானவர்களாக இருந்தால் அதைச் சரிசெய்யாது என்ற வரியையும் சேர்த்தார். இன்னொன்றும் உண்டு. 384 சூத்திரம் வீதத்தை மதிப்பிடுவதற்கானது, குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவதற்கானதல்ல. இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவிலான, அதாவது அரை நியம விலகல் வேறுபாட்டை 80 வீத வலுவோடு பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 64 பேர் வேண்டும். வகை 2இல் இருப்பது 47. ஆகவே அங்கே "வேறுபாடு இல்லை" என்று வந்தால், "கண்டறியப்படவில்லை" என்றுதான் எழுதலாம்.

அப்புறம் வினாக்கொத்து. வெளிநாட்டில் ஆங்கிலத்தில் செய்த ஓர் அளவுகோலைத் தமிழாக்கி, நம்பகத்தன்மைக்கு மூல ஆய்வின் கிரொன்பாக் அல்பாவையே மேற்கோள் காட்டியிருந்தார். அந்த அல்பா அந்த ஆட்களின் பதில்களுக்கு உரியது. தமிழ் வடிவத்துக்கு நாமே கணக்கிட வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவரைக்கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கியபோதே ஓர் உருப்படி மாட்டியது. "மேலதிகாரி" என்றால் யார்? சிலருக்கு அதிபர், சிலருக்குப் பகுதித் தலைவர், ஒருவருக்கு வலயக் கல்விப் பணிப்பாளர். "அதிபர்" என்று மாற்றினோம்.

முன்னோடி ஆய்வை 30 பேரிடம், பக்கத்து வலயத்தில் செய்தார். தெரிவான 298 பேரில் யாரையும் முன்கூட்டியே தொட்டுவிடக்கூடாது அல்லவா. அல்பா 0.58 வந்தது. "வினாக்களை நீக்கவா மிஸ்?" என்று பதறினார். ஒவ்வோர் உருப்படியும் மொத்தப் புள்ளியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் உருப்படி-மொத்தத் தொடர்பு நிரலைப் பார்த்தோம். இரண்டு உருப்படிகளில் எண் மறையாக இருந்தது. ஒன்று "வேலைக்குப் போக எனக்கு விருப்பமாக இருக்கிறது" போன்ற எதிர்த்திசை வினா. புள்ளியைத் திருப்பிப் போட மறந்திருந்தார். மற்றது "என்னால் சமாளிக்க முடியவில்லை என்று சொல்ல முடியாது" என்ற இரட்டை மறுப்பு, அதை ஆளுக்கொரு திசையில் விளங்கியிருக்கிறார்கள். முதலாவதைத் திருப்பிப் போட்டு, இரண்டாவதை நேரான வசனமாக்கி, வேறு 30 பேரிடம் கொடுத்தார். 0.79.

முதலில் வந்த 0.58ஐயும் அத்தியாயத்தில் எழுதச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது என்றார். இரண்டாம் வைவாவில் வினாக்கொத்து பற்றி வந்த ஒரே கேள்வி அந்தப் பந்தியிலிருந்துதான்: எந்த உருப்படி, ஏன் மாற்றினீர்கள்? இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்களாம்.