அளந்த பின் மாறும் தொகை: தற்காலிக பில்லும் ஜிஎஸ்டி சரிக்கட்டலும்

பெங்களூரில் கட்டட வேலை எடுக்கும் தமிழ் ஒப்பந்ததாரர்கள் பலர், மாத இறுதியில் தாமே அளந்த அளவை வைத்து ஒரு பில் எழுதிக் கொடுத்து, உரிமையாளர் தரப்புப் பொறியாளர் அளந்து முடித்த பிறகு தொகையைத் திருத்திக்கொள்வது வழக்கம். பேச்சில் இது 'தற்காலிக பில்' எனப்படுகிறது. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் தற்காலிக வரி விலைப்பட்டியல் என்று ஒன்று இல்லை. வரி சேர்த்து, வரிசை எண்ணிட்டு எழுதிய பில் முழுமையான பில்லே. அதன் மேல் 'தற்காலிகம்' என்று முத்திரை குத்தினாலும், பணம் வராவிட்டாலும், அந்த மாதக் கணக்கில் வரி கட்டியாக வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பூச்சு வேலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 400 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒப்பந்ததாரர் 2025 மார்ச் இறுதியில் 1,200 சதுர மீட்டர் என்று கணக்கிட்டு, 4,80,000 ரூபாயும் வரி 86,400 ரூபாயுமாக பில் கொடுத்துவிட்டார். கூட்டாக அளந்தபோது 40 ஜன்னல்களின் திறப்பை அவர் கழிக்கவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு ஜன்னலும் 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது 1.8 சதுர மீட்டர். இந்தியத் தர விதியான ஐஎஸ் 1200-இன்படி, 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு முகத்துக்கும் ஒரே வகைப் பூச்சு என்றால், ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். எனவே 72 சதுர மீட்டர் குறைகிறது. அதன் மதிப்பு 28,800 ரூபாய், வரி 5,184 ரூபாய். அளவுத் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படிக் கழிவில்தான் பிறக்கின்றன, டேப்பைப் பிடித்த கையில் அல்ல என்பது என் கணிப்பு.

அடுத்த மாதமும் வேலை நடந்தால் சிக்கல் எழுவதில்லை. ஆர்.ஏ. பில் என்பது இதுவரை முடிந்த மொத்த அளவிலிருந்து முந்தைய பில்களின் அளவைக் கழித்து எழுதப்படுவதால், நடைமுறையில் குறைவு அதிலேயே அடங்கிவிடும். கடைசி பில்லில் கழித்துப் பார்த்த தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் வழி மாறுகிறது: மைனஸ் தொகைக்கு விலைப்பட்டியல் எழுத முடியாது, சட்டத்தின் பிரிவு 34-இன்படி கிரெடிட் நோட் எழுத வேண்டும். அதில் மூல பில்லின் எண்ணும் தேதியும் காட்டி, 28,800 ரூபாயையும் 5,184 ரூபாயையும் தனித்தனியே குறைக்க வேண்டும். வாங்குபவர் தாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகையில் அந்த 5,184 ரூபாயைத் திருப்பினால்தான் ஒப்பந்ததாரரின் வரி குறையும்.

கெடுதான் இதில் ஆளை மாட்டிவிடுவது. மார்ச் 2025 பில் 2024-25 நிதியாண்டைச் சேர்ந்ததால், வரிக் குறைப்புடன் கூடிய கிரெடிட் நோட்டை 2025 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் காட்ட வேண்டும். ஆடிட்டர் செப்டம்பரிலேயே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் கதவு அன்றே மூடிவிடும். இறுதி அளவீடோ பெரும்பாலும் வேலை முடிந்து மாதக் கணக்கில் கழித்துத்தான் நடக்கிறது.

கெடு கடந்துவிட்டால் வரி சேராத சாதாரணக் கிரெடிட் நோட்டாக 28,800 ரூபாயை மட்டும் குறைக்கலாம். அப்போது வாங்குபவர் 86,400 ரூபாய் வரிச் சலுகையை அப்படியே வைத்துக்கொள்வதால், 5,184 ரூபாயையும் பிடித்துக்கொள்ள அவருக்கு நியாயம் இல்லை என்று ஒப்பந்ததாரர் கேட்கலாம். வாங்குபவர் வரிச் சலுகை எடுக்க முடியாத வீட்டு உரிமையாளராக இருந்தால் இந்த வாதம் எடுபடாது.

அளவு கூடினால் டெபிட் நோட் எழுத வேண்டும். இதற்குக் கெடு இல்லை. ஆனால் பழைய பில்லில் வரி குறைவாகக் கட்டப்பட்டது என்று துறை கருதினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கேட்கலாம். வைப்பாகப் பிடித்துவைக்கும் தொகை அளவுக் குறைவு அல்ல; அதற்குக் கிரெடிட் நோட் எழுதக் கூடாது.

இத்தொல்லையைத் தொடக்கத்திலேயே தவிர்க்க முடியும். மூன்று மாதத்துக்கு மேல் நீண்டு, தவணை தவணையாகப் பணம் தரும் ஒப்பந்தம் தொடர் சேவை ஆகும். பணம் தர வேண்டியது பொறியாளர் அளவுப் பதிவேடான எம். புக்கில் அளவைச் சான்றளிக்கும் நிகழ்வை ஒட்டியது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், பிரிவு 31(5)-இன்படி அந்த நிகழ்வு நிறைவேறும் நாளுக்குள் வரி பில் எழுதினால் போதும். அதுவரை கொடுப்பது வரியும் பில் எண்ணும் இல்லாத, அளவுப் பட்டியலுடன் கூடிய கோரிக்கைத் தாளாக மட்டும் இருக்கட்டும். மாறாக 'மாதம் முடிந்து 30 நாளில் பணம்' என்று தேதி எழுதியிருந்தால், அளவு முடியாவிட்டாலும் அந்தத் தேதிக்குள் பில் போட்டாக வேண்டும். வேலைக்கு முன்பணம் வாங்கியிருந்தாலும் அதற்கான வரி வாங்கிய மாதத்திலேயே வந்துவிடும்.