ஐந்தை அழித்தால் எட்டு ஏழாகிவிடும்

பிடிஎஃப்பில் தவறான பக்கத்தை அழித்து அனுப்பியவர்களில் இந்த மாதம் இவர் நான்காவது ஆள். பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டுக் கடன் பத்திரங்களைச் சேர்த்து வங்கிக்கு அனுப்பும் வேலை எனக்கு. "ரெண்டே பக்கம்தான் அழிச்சேன், மேடம்" என்று போனில் கேட்டாலே இப்போது எனக்குத் தலை வலிக்கிறது.

அவர் அனுப்பிய பிடிஎஃப் முதலில் 13 பக்கம். மைகார்டு ஒன்று, சம்பளச் சீட்டு மூன்று, ஐந்தாவதாக ஸ்கேனில் விழுந்த வெற்றுப் பின்பக்கம். ஆறும் ஏழும் மார்ச் மாத வங்கி ஸ்டேட்மெண்ட். எட்டு, ஏழாம் பக்கமே தவறி இரண்டாம் முறை ஸ்கேன் ஆனது. ஒன்பதும் பத்தும் ஏப்ரல், அடுத்த இரண்டும் மே, கடைசியில் ஈபிஎஃப்.

காகிதத்தில் "5, 8" என்று குறித்துக்கொண்டு, பக்கங்கள் சிறு படங்களாக வரிசையில் தெரியும் தம்ப்நெயில் பட்டியைத் திறந்திருக்கிறார். ஐந்தை அழித்தார். சரி. அப்புறம் எட்டை அழித்தார். அங்கேதான் வினை. தம்ப்நெயிலின் கீழே இருக்கும் எண் அந்தப் பக்கத்தின் பெயர் அல்ல, வரிசையில் அது நிற்கும் இடம். முன்னால் நிற்பவர் விலகினால் பின்னால் இருக்கும் எல்லோரும் ஓரடி நகர்வார்கள், அவ்வளவுதான். ஐந்து போனதும் வேண்டாத பக்கம் ஏழாகிவிட்டது. எட்டில் வந்து நின்றது ஏப்ரலின் முதல் பக்கம். அதைத்தான் அழித்தார். தாளில் அச்சாகியிருக்கும் "பக்கம் 1" இதற்குத் துணை வராது. ஒவ்வொரு மாத ஸ்டேட்மெண்டும் ஒன்றிலிருந்துதானே தொடங்குகிறது!

எண்ணிப் பார்த்தாராம், 11 பக்கம் சரியாக இருந்ததாம். இருக்கத்தான் செய்யும். இரண்டை அழித்தால் எதை அழித்தாலும் 11தான். நான் இருப்பைத்தான் பார்ப்பேன்: மார்ச்சின் இறுதி இருப்பும் ஏப்ரலின் ஆரம்ப இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஏப்ரலுக்கு ஆரம்ப இருப்பே இல்லை.

தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். விண்டோஸில் Ctrl, மேக்கில் Command விசையை அழுத்திக்கொண்டே வேண்டாத பக்கங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் அழியுங்கள். ஒவ்வொன்றாகத்தான் அழிப்பேன் என்றால் கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள்: முதலில் எட்டு, பிறகு ஐந்து. பட்டியை அகலமாக இழுத்துப் படங்களைப் பெரிதாக்குங்கள். ஸ்டேட்மெண்ட் பக்கங்கள் சிறியதாக இருக்கும்போது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வரிசை மாற்ற இழுத்து விடுவதும் அழித்த பிறகே.

மேக்கின் Preview, கேட்காமலே மூலக் கோப்பில் சேமித்துவிடும் வழக்கமுள்ளது. Duplicate கொடுத்து நகலில் வேலை செய்யுங்கள். இலவச Acrobat Reader-இல் பக்கங்களைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. அதைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக, பழைய மின்னஞ்சலை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதோடு போவது நீங்கள் திருத்தாத அந்த 13 பக்கக் கோப்புதான். திருத்தியதைப் புதிதாக இணையுங்கள், அனுப்பும் முன் இணைப்பையே ஒருமுறை திறந்து பாருங்கள்.