ஸ்டெபிலைசருக்குள் கேட்கும் ‘டக்’ சத்தம்

மே மாத இரவு, மணி பத்து. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஏசி ஓடுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. லைனில் வோல்டேஜ் இறங்கிவிட்டது, அதனால் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று இடம் மாறியிருக்கிறது. ஸ்டெபிலைசர் என்பது நடுநடுவே பல இடங்களில் கம்பி பிரித்தெடுத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். வரும் வோல்டேஜைப் பார்த்து, எந்தக் கம்பியிலிருந்து ஏசிக்குக் கொடுப்பது என்பதை ரிலே மாற்றிக்கொண்டே இருக்கும்.

கூட்டிக் கொடுக்கும் வோல்டேஜ் சும்மா வராது. ஓடும்போது 1,700 வாட் இழுக்கும் 1.5 டன் ஏசியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதற்கு ஏழரை ஆம்பியர் அளவுக்குப் போதும். லைனில் 150 வோல்ட்தான் வருகிறது என்றால், அதே 1,700 வாட்டுக்கு ஸ்டெபிலைசர் 11 ஆம்பியருக்கு மேல் உறிஞ்ச வேண்டும். 2 கேவிஏ ஸ்டெபிலைசர் காகிதக் கணக்கில் போதும்போலத் தெரியும். ஆனால் லோ வோல்டேஜில்தான் அது சூடாகித் திணறும். பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரமோ இன்னும் பல மடங்கு. 1.5 டன்னுக்கு 4 கேவிஏ கேட்பது இதனால்தான், கடைக்காரரின் பேராசை அல்ல.

அடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் வோல்டேஜ் எல்லை. 170 முதல் 270 வரை ஒன்று, 130 முதல் 300 வரை இன்னொன்று என்று விற்கிறார்கள். எது வேண்டும் என்பதை உங்கள் வீட்டு பிளக்தான் சொல்லும். எலக்ட்ரீஷியனை இரவில் வரச்சொல்லி, ஏசி ஓடும்போதே அளக்கச் சொல்லுங்கள். ஏசி போடாமல் 185 காட்டிய இடம், போட்டதும் 160-க்கு விழலாம். மற்ற அறைகளில் விழாமல் அந்த பிளக்கில் மட்டும் இப்படி விழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் மெலிந்த ஒயர் அல்லது தளர்ந்த இணைப்பு. அங்கே ஸ்டெபிலைசர் வைத்தால் அது இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து ஒயரைச் சூடாக்கும். முதலில் ஒயரை மாற்றுங்கள். இன்வெர்ட்டர் ஏசி என்றால், அளந்த வோல்டேஜ் ஏசியின் சொந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லோ வோல்டேஜுக்காகத் தனி ஸ்டெபிலைசர் தேவைப்படாது.

சரி, இடி இடித்தால்? மின்னலால் லைனில் பாயும் அதிர்ச்சி மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். ரிலே அசைவதற்கே பல மில்லி நொடிகள் ஆகும். அந்த வேலைக்கு இருப்பது சர்ஜ் புரொடெக்டர். அதற்குள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லை, வோல்டேஜ் எகிறியதும் சட்டென்று மின்சாரத்தைக் கடத்தி வேறு வழியில் திருப்பிவிடும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அந்த வழியில் பாதி அடைபட்டது மாதிரி.

மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்தால் கதை தலைகீழ். வீட்டுக்குள் 300, 350 வோல்ட் என்று நிமிடக்கணக்கில் நிற்கலாம். அந்த வில்லை அதைத் தாங்காது, எரிந்துபோகும். அங்கே காப்பாற்றுவது ஸ்டெபிலைசரின் ‘ஹை கட்’ வசதிதான். எல்லை தாண்டியதும் ஏசிக்கான இணைப்பையே அது துண்டித்துவிடும். ஆகவே விலை கூடிய சாமானுக்கு இரண்டில் ஒன்று போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், ஒவ்வொரு அதிர்ச்சியிலும் வில்லை கொஞ்சம் தேயும். பல புரொடெக்டர்களில் அதைக் காட்ட ஒரு சிறு விளக்கு இருக்கும். அது அணைந்த பிறகும் டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும், காவல்தான் இல்லை.